முதல்முறை கன்ட்ரோலர் பிடிப்பவரோடு ஜோடியாக விளையாட: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தக் கூடாது, கேலி செய்யக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஆனால் வருடக்கணக்கில் கேம் விளையாடியவர்களே ஒரு விஷயத்தில் திரும்பத் திரும்பச் சறுக்குவதைப் பார்க்கிறேன். அதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

## முதல் கேமே கேமராவைத் திருப்பச் சொல்லும் கேமாக இருப்பது

ஜோடியாக விளையாட என்ன வாங்கலாம் என்று கேட்டால் உடனே வரும் பதில் இட் டேக்ஸ் டூ. 2021இல் வந்தது, இருவர் இல்லாமல் ஆடவே முடியாது, கதையும் ஒரு கணவன் மனைவி பற்றியது. அருமையான கேம்தான். அதை முதல் கேமாகச் சொல்பவர்கள் மேல்தான் எனக்கு எரிச்சல்.

என் தோழி ஒருத்தி தன் கணவருக்கு இதைத்தான் முதலில் போட்டுக் கொடுத்தாள். அவர் நடப்பார், நிற்பார், கேமராவைத் திருப்புவார், மறுபடி நடப்பார். பாதி நேரம் திரையில் கூரை தெரியும், மீதி நேரம் தரை. குதிக்க வேண்டிய இடத்தில் குனிந்து கையைப் பார்த்துப் பட்டனைத் தேடுவார். அதற்குள் அவருடைய பொம்மை விழுந்திருக்கும். "எனக்கு இதெல்லாம் வராது" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்தவர், பிறகு அதைத் தொடவே இல்லை.

அவருக்கு வராமல் போனது கேம் இல்லை, வலது ஸ்டிக். இடது கட்டைவிரல் நடக்க வைக்கிறது, வலது கட்டைவிரல் கேமராவைத் திருப்புகிறது. குதிக்கும் பட்டனையும் அதே வலது கட்டைவிரல்தான் அழுத்த வேண்டும். எப்போது ஸ்டிக்கை விட்டுப் பட்டனுக்குப் போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பது பழகியவர்களுக்கு நினைவிலேயே இருக்காது. அதனால்தான் "சும்மா குதி, அவ்வளவுதான்" என்கிறோம். புதியவருக்கோ அது ஒரே நேரத்தில் மூன்று வேலை. போர்ட்டல் 2வின் இருவர் ஆட்டத்திலும் இதே சிக்கல்தான். புதிரை அவர் நமக்கு முன்பே கண்டுபிடித்திருப்பார், ஆனால் அதற்காகச் சுட வேண்டிய சுவரை நோக்கித் திரும்பத் தெரியாது.

முதலில் கேமரா தானாகவே நகரும் கேமைக் கொடுங்கள். நான் கொடுப்பது அன்ராவல் டூ. பக்கவாட்டில் நகரும் கேம். ஒரே நூலால் கட்டப்பட்ட இரண்டு நூல் பொம்மைகள். தொடக்கத்தில் ஒரு ஸ்டிக்கும் குதிக்கும் பட்டனும் போதும், ஊஞ்சலாடுவதும் நூலைப் பிடித்து ஏறுவதும் ஒவ்வொன்றாகச் சேரும். ஒரு இடம் கடினமாக இருந்தால் ஒரு பொம்மை இன்னொன்றோடு ஒன்றிக்கொள்ளலாம். பழகியவர் இருவரையும் சுமந்து தாண்டிவிடலாம். விழுந்தாலும் அருகிலேயே மீண்டும் தொடங்கும். ஆனால் துரத்தல் காட்சிகள் வரும்போது தடுமாறுவார். தனியாக உள்ள சேலஞ்ச் லெவல்கள் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

அடுத்த கட்டத்துக்குத் தயாரா என்பதை அவர் கண்ணை வைத்துச் சொல்லிவிடலாம். பட்டனைத் தேடிக் கையைப் பார்ப்பது நின்றுவிட்டதா? அப்போது இட் டேக்ஸ் டூவை எடுங்கள். ஆப்ஷன்ஸில் கேமராவின் வேகத்தைக் குறைத்துவிட்டு, அவருக்கு மனைவி மேயின் பாத்திரத்தைக் கொடுங்கள். தொடக்கத்தில் மேயின் கையில் சுத்தியல், கணவன் கோடியிடம் ஆணிகள். ஆணியைக் குறிபார்த்து எறிய வேண்டும், சுத்தியலுக்கு அவ்வளவு குறி தேவையில்லை. அடுத்த அத்தியாயத்தில் இருவருமே குறிவைத்துச் சுட வேண்டிவரும், அதற்குள் ஸ்டிக் கொஞ்சம் கைக்கு வந்திருக்கும்.

## கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கி "இப்படித்தான்" என்று காட்டுவது

கூடவே கூடாது. வாயால் சொல்லுங்கள், இல்லையென்றால் விழட்டும்.

## இருவருக்கும் சம வேலை வேண்டும் என்று அடம்பிடிப்பது

சைல்ட் ஆஃப் லைட் என்ற கேமில் ஒருவர் அரோரா என்ற சிறுமியாக நடந்து, பறந்து, சண்டையில் முடிவெடுப்பார். இன்னொருவர் இக்னிகுலஸ் என்ற மின்மினி. ஸ்டிக்கை அசைத்து, ஒரு பட்டனை அழுத்தி ஒளிர்ந்தால் போதும். எதிரியைத் தாமதப்படுத்துவதும் அரோராவைக் குணப்படுத்துவதும் அந்த ஒளிதான். எனவே இது எடுபிடி வேலை இல்லை. சண்டையில் அவர் தூங்கினால் நீங்கள் அடி வாங்குவீர்கள். ஆனால் நாள் முழுக்க மின்மினியாகவே இருந்தால் சலித்துவிடும். அவர் கொட்டாவி விட்டால் கேமை மாற்றுங்கள்.

## மணி ஓடும் கேமில் தொடங்குவது

ஓவர்குக்ட் எளிய கேம் போலத் தெரியும்: வெட்டு, சமை, தட்டில் வை. கேமரா தொல்லையும் இல்லை. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால், பட்டன் மறந்த ஒவ்வொரு நொடியும் மற்றவரின் ஆர்டரைக் கெடுக்கும், குரல் தானாக உயரும். ஆசையாக இருந்தால், இரண்டு பாகங்களும் சேர்ந்து வந்த ஆல் யூ கேன் ஈட் பதிப்பை எடுத்து அசிஸ்ட் மோடைப் போடுங்கள். நேரம் கூடுதலாகக் கிடைக்கும், வராத லெவலைத் தாண்டவும் விடும்.