புதுக் கடை இன்ஸ்டா தேடலில் வராமல் போவதற்கு கேப்ஷனில் செய்யும் தவறுகள்

மதுரை அண்ணா நகரில் ஒருவர் ஆரி வொர்க் ப்ளவுஸ் கடை புதிதாகத் திறந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரீல்ஸ் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் கேப்ஷனில் இருப்பது "உங்கள் கனவுக்கு உயிர் கொடுக்கிறோம்" என்ற ஒரே வரியும் இரண்டு இதயமும்தான். கல்யாணத்துக்கு ப்ளவுஸ் தைக்கக் கடை தேடுகிறவர் கனவு என்றா அடிப்பார்? `aari work blouse madurai` என்று அடிப்பார். அடிக்கும் சொல்லை இன்ஸ்டாகிராம் கணக்கின் பெயர், பயோ, கேப்ஷன், ஹேஷ்டேக், இடம் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதில் எதிலும் ப்ளவுஸ் என்ற சொல்லே இல்லையென்றால் உங்கள் போஸ்ட் அங்கே வர வழி ரொம்பக் குறைவு.

அடுத்தது ஊர்ப் பெயர். வெறும் அண்ணா நகர் என்று போட்டு விடுகிறார்கள், சென்னையிலும் அண்ணா நகர் இருக்கிறதே. ஏரியாவோடு மதுரையையும் எழுதுங்கள், லொகேஷன் டேக்கும் போடுங்கள். `near me` என்று கேப்ஷனில் எழுதுவது வீண், அது தேடுகிறவர் அடிக்கும் சொல், உங்கள் கடை எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது.

பலர் கவனிக்காத தவறு எழுத்தில்தான் இருக்கிறது. கேப்ஷன் முழுக்கத் தமிழில், தேடுகிறவர் அடிப்பதோ ஆங்கில எழுத்தில். இரண்டும் இருக்கட்டும். எழுத்தை அழகாக்குகிறேன் என்று ஆப்பில் மாற்றிய வளைவு எழுத்துகளை மட்டும் ஒட்டாதீர்கள், பார்க்க A மாதிரி இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது வேறு குறியீடு.

அப்புறம், முக்கியச் சொற்களையும் ஹேஷ்டேக்கையும் முதல் கமென்ட்டில் போடும் பழக்கத்தை விடுங்கள். தேடலில் வர வேண்டுமென்றால் கேப்ஷனிலேயே போடச் சொல்லி இன்ஸ்டாகிராமே 2021இல் எழுதியிருக்கிறது. அதற்காகப் பத்து ஊர்ப் பெயரை வரிசையாக அடுக்கினால், படிக்கிறவர் அது விளம்பரக் குப்பை என்று தள்ளிவிட்டுப் போய்விடுவார். நம் கடைக்கு இப்படி எழுதினால் போதும்:

```
Aari work blouse, Madurai Anna Nagar.
கல்யாணப் பட்டுப் புடவைக்கு ஆரி வொர்க்
ப்ளவுஸ் தைத்துத் தருகிறோம். அளவு ப்ளவுஸ்
கொண்டு வந்தால் போதும்.
```

`bridal blouse` என்ற பொதுச் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம், அதில் ஏற்கெனவே பெரிய கணக்குகள் நிறைய இருக்கும். என்ன சொல் போடலாம் என்று தெரியாவிட்டால், தேடல் பெட்டியில் `aari work` என்று அடித்துவிட்டு நிறுத்துங்கள், கீழே வரும் பரிந்துரைகளைப் பாருங்கள். வாட்ஸ்ஆப்பில் விசாரிக்கிறவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதும் நல்ல குறிப்பு.

பழைய போஸ்ட்டை அழிக்க வேண்டியதில்லை, எடிட்டில் போய் கேப்ஷனை மாற்றலாம். கணக்கு பப்ளிக்காக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். மாற்றிய பிறகு சோதிக்கும்போது உங்கள் ஃபோனில் தேடாதீர்கள், நீங்கள் அடிக்கடி பார்ப்பதை வைத்தே உங்களுக்கு முடிவுகள் வரும். உங்கள் கடையை ஃபாலோ செய்யாத ஒருவரின் ஃபோனில் தேடச் சொல்லுங்கள்.