சாயங்காலமானால் வாசலுக்குப் போகிறவர்: மாத்திரை இல்லாமல் சமாளிக்கும் முறை, பராமரிப்பு இல்ல ஊழியர்களுக்கு

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதலில் திணறலைத் தருவது பெரும்பாலும் மாலை நேரம்தான். காலையெல்லாம் அமைதியாக இருந்த டிமென்ஷியா நோயாளி பொழுது சாயத் தொடங்கியதும் எழுந்து நடப்பார், கதவை இழுப்பார், "நான் போகணும்" என்பார், தடுத்தால் கையை ஓங்குவார். அந்த நேரத்துக்கு மட்டுமான செய்முறை இது.

"ஒரு மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். இதற்கு வழக்கமாகத் தரப்படுகிற மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தை ஏறக்குறைய 1.6 முதல் 1.7 மடங்கு ஆக்குகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. தூக்கக் கலக்கம், கீழே விழுவது, பக்கவாதம் என்று மற்ற தொல்லைகளும் உண்டு. அதோடு, நடந்துகொண்டே இருப்பதை இந்த மருந்துகள் நிறுத்துவதும் இல்லை. நடக்கிறவரைத் தள்ளாட வைக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. அது வேறு பேச்சு.

சரி, முறைக்கு வருவோம். விளக்குவதற்காக ஒரு பெரியவரை எடுத்துக்கொள்கிறேன். பலரிடம் பார்க்கக் கூடியதைச் சேர்த்து ஒரே ஆளாக்கியிருக்கிறேன். வயது எழுபத்தெட்டு. சேமிப்புக் கிடங்கு ஒன்றில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் நான்கு மணி வாக்கில் வாசலுக்குப் போய்க் கைப்பிடியை ஆட்டுகிறார்.

படி 1: இது புதிதா, பழையதா?

எதைச் செய்வதற்கு முன்பும் இதைக் கேளுங்கள். நேற்று வரை இப்படி இல்லாதவர் ஓரிரு நாளில், ஏன் சில மணி நேரத்தில்கூட, மாறிவிட்டாரா? ஒரு சமயம் தெளிவாகவும் அடுத்த சமயம் குழப்பமாகவும் இருக்கிறாரா? சொல்வதில் கவனம் நிற்கவில்லையா? வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறாரா? அப்படியானால் அதை டிமென்ஷியாவின் பழைய குணம் என்று விட்டுவிடாதீர்கள். டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீர் வற்றுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று உடம்பில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். அன்றே நர்ஸிடம் சொல்லி மருத்துவரை அழைக்க வேண்டும். அந்த நிலைக்கு, கீழே உள்ள படிகள் போதாது.

நம் பெரியவருக்கு இது வாரக்கணக்காக இருக்கிறது. அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: ஒரு வாரம் எழுதுங்கள்

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதற்குப் பின் என்ன நடந்தது. நேரத்தையும் இடத்தையும் ஓரத்தில் குறியுங்கள். "தொந்தரவு செய்தார்", "முரண்டு பிடித்தார்" என்று எழுதினால் அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. கேமரா பார்த்ததைப் போல எழுத வேண்டும். இப்படி:

*4.05. முன் ஹால். பகல் ஷிஃப்ட் ஆட்கள் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எழுந்து வாசலுக்குப் போனார். கைப்பிடியை ஆறேழு முறை இழுத்தார். "பூட்டணும், விடு" என்றார். தோளைப் பிடித்ததும் தள்ளிவிட்டார். டிவி முன் உட்கார வைத்தோம். ஐந்து நிமிடத்தில் மறுபடி எழுந்தார்.*

பின்னால் நடந்ததையும் விடாமல் எழுதுங்கள். அந்தக் கட்டத்தில்தான் நாம் செய்வது தெரியவரும். மேலே உள்ள பதிவில் தோளைப் பிடித்த பிறகுதான் அவர் தள்ளினார். "ஆக்ரோஷமானவர்" என்று கோப்பில் ஏறியிருந்த பெயரில் பாதி, நாம் பிடித்ததால் வந்தது.

ஒரு வாரத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒழுங்கு ஒன்று தெரியும். இவர் வாசலுக்குப் போவது ஷிஃப்ட் மாறுவதை ஒட்டிய அரை மணி நேரத்தில். ஷிஃப்ட் மாறாத ஞாயிற்றுக்கிழமை அவர் எழவே இல்லை. நாலைந்து பேர் பையை மாட்டிக்கொண்டு, "வரேன், நாளைக்குப் பார்க்கலாம்" என்று வாசல் பக்கம் போகிறார்கள். பார்க்கிற யாருக்கும் கிளம்பத் தோன்றும். போதாக்குறைக்கு இவர் வேலை பார்த்த காலத்தில் எல்லாரும் போன பிறகு கதவைப் பூட்டியவர்.

இரண்டாவது ஒன்றும் தெரிந்தது. இரண்டு நாள் பதிவுகளில் அடிவயிற்றைத் தடவினார் என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு நாளும்தான் அவர் தள்ளியது, கத்தியது எல்லாம்.

படி 3: உடம்பைப் பாருங்கள்

டிமென்ஷியா முற்றியவர் "வலிக்கிறது" என்று சொல்ல மாட்டார். நடப்பார், முனகுவார், தொட்டால் கையை உதறுவார். நார்வே பராமரிப்பு இல்லங்களில் 352 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. வலிக்கு முறையாகச் சிகிச்சை கொடுத்தபோது, பெரும்பாலோருக்கு வெறும் பாராசிட்டமால் அளவில், எட்டு வாரத்தில் அமைதியின்மை சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. ஆக, வலிதான் முதல் சந்தேகம்.

வலியைக் கண்டுபிடிக்க அவரை உட்கார வைத்துப் பார்த்தால் போதாது. எழும்போதும் திரும்பும்போதும் உடை மாற்றும்போதும் ஐந்தைக் கவனியுங்கள்: மூச்சு வாங்குகிறதா, முனகுகிறாரா, முகம் சுளிக்கிறதா, உடம்பு விறைக்கிறதா, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டு மொத்தம் 10-க்குக் கணக்கிடும் அளவுகோலை உங்கள் நர்ஸ் வைத்திருப்பார்; கேட்டு வாங்கிப் பழகுங்கள்.

அப்புறம், கடைசியாக மலம் கழித்தது எப்போது, சிறுநீர் போனது எப்போது என்று பாருங்கள். பசி, தாகம், இறுக்கமான செருப்பு, பேட்டரி தீர்ந்த காது மெஷின், வேறொருவருடையதோடு மாறிப்போன மூக்குக் கண்ணாடி (இது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும்) ஆகியவையும் இந்த வரிசையில்தான் வரும்.

நம் பெரியவரின் கழிப்பறைப் பதிவைப் புரட்டினால், வயிற்றைத் தடவிய நாட்களுக்கு முன்பு நான்கு நாளாக மலம் போகவில்லை. அதை நர்ஸிடம் கொண்டுபோக வேண்டும். மலமிளக்கியை நீங்களாகக் கொடுப்பது உங்கள் வேலை அல்ல.

படி 4: வாசலில் நிற்கும்போது

பின்னாலிருந்து போகாதீர்கள். அவர் கண்ணில் படும்படி, சற்றுப் பக்கவாட்டில், கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நில்லுங்கள். ஒருவர் மட்டும் பேச வேண்டும். மூன்று பேர் சூழ்ந்தால் அவருக்கு அது வழிமறிப்பு. கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள்.

ஒரே ஒரு சிறிய வாக்கியம் சொல்லுங்கள். பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். சொன்னது அவருக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பேச்சு இப்படிப் போகலாம்:

"ஐயா, பூட்டிட்டாங்களான்னு பார்க்கிறீங்களா?"
"ஆமா. நேரமாச்சு."
"நானும் கூட வரேன். எல்லாக் கதவையும் பார்த்துடலாம்."

பிறகு அவரோடு நடங்கள், அவர் வேகத்திலேயே. முதலில் அவர் போகும் பக்கம், கொஞ்ச தூரம் போன பிறகு வேறு பக்கம். சேர்ந்து நடக்காமல் எடுத்த எடுப்பில் திருப்பப் பார்த்தால் நடக்காது. "கிடங்கை எப்பவோ மூடிட்டாங்க", "உங்க வீட்டை வித்தாச்சு" என்று திருத்துவதும் வேண்டாம். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி. அதே சமயம், "வண்டி வருது, உட்காருங்க" என்று பொய் சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். வண்டி வராது, அவர் காத்திருப்பார், கால் மணி கழித்துக் கோபம் இரட்டிப்பாகும். அவர் சொல்வதன் அடியில் இருக்கும் கவலையைப் பற்றிப் பேசினால் பொய்க்குத் தேவையே வராது.

அடிக்க வந்தால் ஓரடி பின்வாங்கி, அருகில் இருக்கும் மற்றவர்களை நகர்த்திவிட்டு, சில நிமிடம் விடுங்கள்.

படி 5: முந்தைய ஒரு மணி நேரத்தை மாற்றுங்கள்

வாசலில் நடப்பது தீயணைப்பு மாதிரி. அதைத் தினமும் செய்துகொண்டிருக்க முடியாது. பதிவில் நான்கு மணி என்று இருந்தால் உங்கள் வேலை மூன்றுக்குத் தொடங்க வேண்டும். இவருக்காகச் செய்ய வேண்டியவை இவை.

ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போகட்டும். பையும் கோட்டும் ஹாலில் தெரியக் கூடாது. ஊழியர்கள் சிலர் முணுமுணுப்பார்கள். பொறுப்பாளர் உறுதியாக இருக்க வேண்டிய இடம் இது. மூன்றரைக்கு முன் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விட்டு, குடிக்கவும் கொறிக்கவும் ஏதாவது கொடுங்கள். பிறகு, எதற்கும் பொருந்தாத ஒரு பழைய சாவிக் கொத்தும் ஒரு நோட்டும் கையில் கொடுத்து, ஓர் ஊழியரோடு கட்டடத்தைச் சுற்றிவரச் செய்யுங்கள். ஜன்னல்களைப் பார்ப்பார், நோட்டில் குறி போடுவார். கடைசியில் கையெழுத்துப் போட ஓர் இடம் இருக்கட்டும். அந்த நாள் முடிந்தது என்று அவருக்குக் காட்டுவது அதுதான். இருட்டும் முன்பே விளக்குகளைப் போட்டுத் திரையை மூடுங்கள். இருண்ட கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை வேறு யாரோ என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு.

எல்லாம் பலிக்காது. இவருக்கு ஹெட்ஃபோனில் பழைய பாட்டுப் போட்டால் பிடுங்கி எறிகிறார். வேறொருவருக்கு, அவருக்குப் பிடித்த பாட்டையே கொந்தளிப்பு வரும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போட்டால் நன்றாக வேலை செய்யும். ஆளைப் பொறுத்தது. ஒரே சமயத்தில் ஐந்து மாற்றம் செய்தால் எது உதவியது என்று தெரியாது. ஒன்றிரண்டாகச் செய்து, அதே மூன்று கட்டத் தாளில் இரண்டு வாரம் எழுதிக்கொண்டே வாருங்கள். தினமும் வாசலுக்குப் போனவர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போனால், யாரையும் தள்ளாமல் திரும்பினால், அது நல்ல பலன். முழுதாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் நல்ல திட்டத்தைக் கைவிட்டுவிடுவீர்கள்.

படி 6: நடக்க விடுங்கள், ஆனால் கணக்கில் வைத்திருங்கள்

நடப்பது நோயல்ல. நாற்காலியில் கட்டி வைப்பதும், எழ முடியாதபடி மேசையை முன்னால் தள்ளி வைப்பதும் கொந்தளிப்பைக் கூட்டும், காயமும் உண்டாக்கும். சுற்றி நடந்து தொடங்கிய இடத்துக்கே வரும்படி வழி இருக்கட்டும். குதிகாலை மூடிய செருப்பு, ஈரமில்லாத தரை, நடுநடுவே உட்கார நாற்காலி வேண்டும். அதிகம் நடப்பவர் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். கையில் எடுத்துப்போய் உண்ணக்கூடிய உணவு கொடுத்து, எடையை மாதம் ஒரு முறையாவது பாருங்கள். வாசல் முன் கறுப்பு மிதியடி போடும் யோசனையை யாராவது சொல்வார்கள். அவர் கண்ணுக்கு அது குழியாகத் தெரிந்து நிற்பார் என்பது கணக்கு. தாண்டிக் குதிக்கப் பார்த்து விழுந்தால்?

ஒருவேளை காணாமல் போனால் என்ன செய்வது என்பதை இப்போதே எழுதி வையுங்கள். அண்மைப் படம், உயரம், போக விரும்பும் இடங்கள், பழைய வேலையிடம், பழைய முகவரி எல்லாம் ஒரே தாளில். அன்றைய உடையைக் காலையிலேயே குறித்துவிடுங்கள். காணவில்லை என்று தெரிந்த கணம் நேரத்தை எழுதி, முதலில் கட்டடத்துக்குள் தேடுங்கள்: கழிப்பறைகள், மற்றவர்களின் அறைகள், கட்டில்களின் மறுபக்கம், சாமான் அறை. கூப்பிட்டால் பதில் சொல்வார் என்று நம்பாமல் ஒவ்வொரு கதவையும் திறந்து பார்க்க வேண்டும். ஒருவர் வெளி வாசலில் நிற்கட்டும். பதினைந்து நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் காவல்துறைக்கும் குடும்பத்துக்கும் போன் செய்யுங்கள். அந்த அழைப்புக்குப் பொறுப்பாளரின் அனுமதிக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.