டிஷ்வாஷர் அடியில் அழுக்குத் தண்ணீர் நிற்கிறதா? முதலில் ஒரு வாளியை எடுங்கள்

போன மாதம் ஒரு நாள் காலையில் டிஷ்வாஷரைத் திறந்தால், அடியில் மஞ்சள் நிறத்தில் தண்ணீர், சாம்பார் வாசனையோடு. நானும் எல்லாரையும் போல ஃபில்டரைக் கழுவினேன். சரியாகவில்லை. மறுபடி கழுவினேன். மூன்றாவது தடவைதான் புத்தி வந்தது, கோளாறு எங்கே என்று தெரியாமலே கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் உட்காரும் குழிக்குள் மட்டும் கொஞ்சம் தெளிவான தண்ணீர் இருந்தால் அது கோளாறே இல்லை, எப்போதும் இருப்பதுதான். குழியைத் தாண்டி மேலே ஏறி நின்றால், அல்லது கலங்கி நாறினால்தான் மேலே படிக்க வேண்டும்.

ஃபில்டர்

பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீர்க் குழாயை மூடுங்கள். இப்போதுதான் ஓடி முடித்தது என்றால் தண்ணீர் ஆறட்டும். கீழ்த் தட்டை வெளியே எடுத்து, ஒரு டம்ளரால் தண்ணீரை மொண்டு ஊற்றி, மிச்சத்தைப் பஞ்சில் ஒற்றி எடுங்கள். உருளை ஃபில்டரை இடப்பக்கம் திருகினால் கையோடு வந்துவிடும், அதற்கடியில் இருக்கும் தட்டையான சல்லடையையும் தூக்குங்கள். பழைய டூத்பிரஷ், பாத்திரம் கழுவும் சோப்பு, குழாய்த் தண்ணீர் போதும். கம்பி நார் வேண்டாம், வலை கிழிந்துவிடும். நம் சமையலில் கறிவேப்பிலையும் புளிச் சக்கையும்தான் இதை அதிகம் அடைக்கின்றன.

வாளிச் சோதனை

இதுதான் முக்கியம். சிங்குக்கு அடியில் பாருங்கள், மெஷினிலிருந்து வரும் வடிகுழாய் சிங்கின் கழிவுக் குழாயிலோ சுவரில் உள்ள குழாயிலோ சேர்ந்திருக்கும். கிளிப்பைத் தளர்த்தி அதன் முனையை ஒரு வாளிக்குள் விடுங்கள். வாளியைத் தரையில் வைக்காதீர்கள், சிங்க் உயரத்துக்கு ஸ்டூல்மேல் வையுங்கள். முனை தாழ்ந்துவிட்டால் பம்ப் வேலை செய்யாமலே தண்ணீர் தானாக வழிந்து உங்களை ஏமாற்றிவிடும். இப்போது ஃபில்டரை மாட்டி, உள்ளே இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றி, கதவை மூடி, பிளக்கைச் செருகி, மெஷினை வடிக்கச் சொல்லுங்கள். பல மெஷின்களில் ஸ்டார்ட் பட்டனை மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் போதும், ஓடுவதை ரத்து செய்து தண்ணீரை வெளியேற்றும்.

தண்ணீர் வேகமாக அடித்துக்கொண்டு வந்தால் பம்பும் குழாயும் நன்றாக இருக்கின்றன, அடைப்பு சிங்க் பக்கம். குழாய் சேரும் அந்தச் சின்ன மூக்கைக் குடைந்து பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கு கட்டியாக உட்கார்ந்திருக்கும். புதிதாக மாட்டிய மெஷின் என்றால், அந்த மூக்கின் வாயில் இருக்கும் மூடியை வெட்டி எடுக்காமலே குழாயைச் செருகியிருக்கலாம்.

வடிந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தால் அது வேறு கதை. சிங்கில் ஊற்றுவதே குழாய் வழியாக மெஷினுக்குள் போகிறது. குழாயை சிங்கின் அடிவரை மேலே தூக்கி வளைத்துக் கட்டி, அப்புறம் கீழே இறக்கினால் இது நின்றுவிடும்.

தண்ணீர் சொட்டு சொட்டாக வந்தால், மெஷினை முன்னால் இழுத்து, குழாய் சுவரில் நசுங்கி மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அதுவும் இல்லை. 'உம்ம்' என்று சத்தம் மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை. அப்படியென்றால் பம்ப் சுற்றப் பார்க்கிறது, எதுவோ தடுக்கிறது.

பம்ப்

மறுபடி பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை மொண்டு எடுத்து, ஃபில்டரைக் கழற்றுங்கள். குழிக்குள் ஒரு பக்கமாக சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், என் மெஷினில் ஸ்பூன் காம்பால் நெம்பினால் வந்தது. சிலவற்றில் ஸ்க்ரூ இருக்கும். சிலவற்றில் மேலிருந்து பம்பை எட்டவே முடியாது, அவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே மேல். வெறும் விரலை உள்ளே விடாதீர்கள், உடைந்த டம்ளர் சில்லு இருக்கலாம். தடிமனான கையுறை போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

உள்ளே தெரியும் சின்னச் சக்கரத்தை ஸ்பூன் காம்பால் தள்ளினால் வழுவழுவென்று சுற்றாது, காந்தம் இருப்பதால் விட்டு விட்டுத் துள்ளும். அதைப் பார்த்து பம்ப் போச்சு என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம்கூட அசையாவிட்டால்தான் எதுவோ சிக்கியிருக்கிறது. எனக்குச் சிக்கியிருந்தது பிரியாணிப் பட்டை, நகம் அளவுத் துண்டு. ஃபில்டரைச் சரியாகத் திருகி மாட்டாத ஒரு நாள் அது கீழே இறங்கியிருக்க வேண்டும்.

மூடியைத் திரும்ப மாட்டும்போது 'டக்' என்று உட்கார வேண்டும், தளர்ந்திருந்தாலும் தண்ணீர் வடியாது. பாத்திரங்களை அடுக்குவதற்கு முன் வாளிச் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். சக்கரம் அசைந்தும் தண்ணீர் வரவில்லை, சத்தமும் இல்லை என்றால் பம்புக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது மோட்டார் எரிந்திருக்கிறது. அதை நாமே நோண்டக் கூடாது.