வாந்திக்கு முன் வாயில் எச்சில் ஊறும்போது செய்யக் கூடாதவை

வயிற்றைப் புரட்டிக்கொண்டு வரும்போது திடீரென வாய் நிறைய எச்சில் ஊறும், நீர் போல, நிற்காமல். உடம்பு அப்போது பல்லுக்கும் தொண்டைக்கும் ஒரு காப்புப் பூச்சு போட்டுக்கொண்டிருக்கிறது. இது தெரியாததால்தான் அந்தச் சில நிமிடங்களில் பலரும் தவறு செய்கிறோம்.

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளத்தில்தான் வாந்தியை இயக்கும் நரம்புகள் இருக்கின்றன, எச்சில் சுரக்கச் சொல்லும் நரம்புகளும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, அதனால் ஒன்று கிளம்பினால் மற்றதும் கிளம்பிவிடுகிறது. வேகமாகச் சுரக்கும் எச்சிலில் பைகார்பனேட் அதிகம், அது அமிலத்தை ஓரளவு முறிக்கும். கிட்டத்தட்ட அதே நேரத்தில் கீழே இன்னொரு வேலை நடக்கிறது: இரைப்பை தளர்கிறது, சிறுகுடலின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பெரிய அலை தலைகீழாகக் கிளம்பி, அங்கிருக்கும் காரத்தன்மையுள்ள நீரை இரைப்பைக்குள் தள்ளுகிறது. அமிலம் வெளியே வருவதற்கு முன்பே அதை மேலும் கீழுமாக மட்டுப்படுத்தப் பார்க்கிறது உடம்பு.

இந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? ஒருவர் படுக்கையில் இருக்கிறார், எச்சில் ஊறுகிறது, "தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும்" என்று ஒரு டம்ளரை மடமடவென்று குடித்துவிட்டு மல்லாந்து படுக்கிறார். ஏற்கெனவே புரளும் இரைப்பை இன்னும் விரிகிறது, பெரும்பாலும் அந்தத் தண்ணீரும் சேர்ந்தே வெளியே வரும். மல்லாந்து படுப்பதுதான் இதில் ஆபத்தானது. வாந்தி வரும்போது குரல்வளை தானாக மூடிக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் தூக்கக் கலக்கத்திலோ போதையிலோ அந்தக் காவல் தளர்ந்து, வந்தது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். எழுந்து முன்னால் சாய்ந்து உட்காருங்கள், எழ முடியாத ஒருவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலை அடக்க வேண்டியதில்லை, விழுங்கினாலும் துப்பினாலும் சரி.

அப்புறம் வாந்தி எடுத்து முடித்ததும் நேராகப் பல் துலக்கப் போவது. வாய் நாறுகிறது, அந்த அவசரம் புரிகிறது, நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் செய்தேன். ஆனால் எச்சில் எவ்வளவு ஊறியிருந்தாலும் இரைப்பை அமிலத்தை முழுதாக முறிக்க அதற்குத் தெம்பு கிடையாது. அமிலத்தை அளக்கும் பிஹெச் எண் குறையக் குறைய அமிலம் கடுமை: பல்லின் மேல் கவசமான எனாமல் கரையத் தொடங்கும் அளவு சுமார் 5.5 பிஹெச், இரைப்பை நீரோ 2-ஐ ஒட்டியிருக்கும். அமிலம் பட்டு மெத்தென்றாகிவிட்ட எனாமல் மேல் பிரஷ் உரசினால் அது தேய்ந்தே போகும், போனது திரும்ப வளராது. வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளியுங்கள், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்துகொண்டால் இன்னும் நல்லது. பிரஷைக் குறைந்தது அரை மணி நேரம் கழித்து எடுங்கள், அதற்குள் எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் மெத்தென்றான இடத்தை ஓரளவு இறுக்கிவிடும்.

குமட்டலே இல்லாமல், சாப்பிட்ட பிறகு நெஞ்செரிச்சலோடு அடிக்கடி இப்படி வாயில் நீர் ஊறினால் அது வேறு விஷயம், அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம், அதற்கு மருத்துவரைப் பாருங்கள்.