பீடபூமி, பருவக்காற்று, டெல்டா, அட்சரேகை: காவிரியை வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள்

புவியியல் கலைச்சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்பவர்களுக்குத் தேர்வில் வரும் சிக்கல், சொல் மறந்துபோவது அல்ல. சொல் நினைவில் இருக்கும், அது எதைக் குறிக்கிறது என்பதுதான் நழுவிவிடும். அதனால் நான்கு சொற்களையும் ஒரே ஆற்றின் மேல் வைத்துப் பார்ப்போம். தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை சுமார் 800 கிலோமீட்டர் ஓடும் காவிரியில் நான்குமே இருக்கின்றன.

முதலில் பீடபூமி. "பீடபூமி என்றால் மட்டமான நிலம்" என்று எழுதுபவர்கள் அதிகம். மட்டம் மட்டும் போதாது. சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும், ஒரு பக்கமாவது சரேலென்று இறங்க வேண்டும். அந்த இறக்கம் இல்லாவிட்டால் அது சமவெளி. மேற்பரப்பு ஓரளவு சமமாக இருந்தாலும் சாய்வே இருக்காது என்று நினைத்துவிடக் கூடாது. தக்காண பீடபூமி மேற்கே உயர்ந்து, கிழக்கே தாழ்ந்து கிடக்கிறது. தலைக்காவிரியிலிருந்து அரபிக்கடல் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். ஆனால் ஊற்றெடுக்கும் நீர் அந்தப் பக்கம் போகாமல் வங்காள விரிகுடா வரை வருவதற்கு இந்தச் சாய்வுதான் காரணம். மைசூர்ப் பீடபூமியிலிருந்து கீழே இறங்கும் வழியில்தான் சிவசமுத்திரமும் ஒகேனக்கலும் அருவிகளாக விழுகின்றன. "தீபகற்ப இந்தியாவின் பெரும்பாலான ஆறுகள் கிழக்கு நோக்கிப் பாய்வது ஏன்?" என்ற கேள்விக்குச் சாய்வைச் சொல்லாமல் விட்டால் விடை முழுமையாகாது.

அடுத்தது மான்சூன். இதில் இரண்டு தவறுகள் சேர்ந்தே வரும். பாடநூலில் பருவக்காற்று என்றும் பருவமழை என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. முதலாவது பருவத்துக்கு ஏற்பத் திசை மாறும் காற்று, இரண்டாவது அந்தக் காற்று தரும் மழை. காற்று வந்தால் மழை வந்தே தீரும் என்பதில்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தமிழ்நாட்டின் மேலும் வீசத்தான் செய்கிறது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கத்திலேயே ஈரத்தின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு வருகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் மழை மறைவுப் பகுதிக்குக் காற்று உண்டு, மழை குறைவு. "தென்மேற்குப் பருவக்காற்று தமிழ்நாட்டில் வீசுவதில்லை" என்று எழுதுவது தவறு. "அதனால் கிடைக்கும் மழை குறைவு" என்பதே சரி.

இரண்டாவது தவறு திசை. காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயர்தான். வடகிழக்குப் பருவக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. வரைபடத்தில் அம்புக்குறியை வடகிழக்கு நோக்கிப் போட்டால் எல்லாமே தலைகீழாகிவிடும். வங்காள விரிகுடாவைக் கடந்து வரும்போது ஈரத்தை எடுத்துக்கொள்வதால்தான் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கிழக்குக் கரையில் மழை.

இங்கே இலங்கைப் பாடநூலையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வடகீழ்ப் பருவக்காற்று என்றிருக்கும். அந்தக் 'கீழ்' கிழக்கைத்தான் குறிக்கிறது, அடியை அல்ல. இதே மாதிரி மேலைக்காற்று என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று. அதை வளிமண்டலத்தின் மேலடுக்கில் வீசும் காற்று என்று விளக்கி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இந்த இரண்டு மழையும் காவிரிக்கு வெவ்வேறு இடத்தில் உதவுகின்றன. குறுவைக்கு மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அந்த நேரத்தில் தஞ்சாவூரில் பெரிய மழை இருக்காது. அணைக்கு வரும் நீர், குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. வயலின் மேல் நேராக இறங்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் வருவது. டெல்டா விவசாயத்தை வடகிழக்குப் பருவமழையோடு மட்டும் முடிச்சுப் போடுபவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள்.

சரி, டெல்டா. இதில்தான் குழப்பம் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பேச்சில் டெல்டா, காவிரிப் படுகை, கழிமுகம் மூன்றையும் ஒன்றாகவே சொல்கிறோம். செய்தித்தாள்களும் அப்படித்தான். ஆனால் ஆற்றுப்படுகை அல்லது வடிநிலம் என்பது, மழை பெய்தால் நீர் அந்த ஆற்றுக்கு வந்து சேரும் மொத்தப் பரப்பு. காவிரிக்கு அது 81,155 சதுர கிலோமீட்டர். குடகு, வயநாட்டின் பெரும்பகுதி, மைசூர், ஈரோடு எல்லாம் அதில் அடக்கம். டெல்டா அதன் வால்பகுதி மட்டும்தான்: ஆறு வேகம் குறைந்து, சுமந்து வந்த வண்டலைப் போட்டுக் கிளை கிளையாகப் பிரியும் இடம். மேட்டூர் படுகைக்குள் இருக்கிறது, டெல்டாவுக்குள் இல்லை.

டெல்டா எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கத் துணையாறு, கிளையாறு என்ற இரண்டு சொற்களைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் போதும். "பவானி காவிரியின் கிளை நதி" என்று பலரும் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் கணக்கில் அது தவறு. ஆற்றில் வந்து சேர்வது துணையாறு, ஆற்றிலிருந்து பிரிந்து போவது கிளையாறு. கபினி, பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் நீரைக் கொண்டுவந்து கொடுக்கின்றன, எனவே துணையாறுகள். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு. இவை கிளையாறுகள். சேர்வது நின்று பிரிவது தொடங்கும் அந்தத் திருச்சிப் பக்கம்தான் டெல்டாவின் தலை.

நர்மதையும் தபதியும் டெல்டா அமைப்பதில்லை. குறுகலான பிளவுப் பள்ளத்தாக்கில் ஓடி, ஓதம் வலுவாக இருக்கும் கடற்பகுதியில் போய்ச் சேர்கின்றன. வண்டல் தங்கிப் பரவ அங்கே இடமில்லை. அப்படிப்பட்ட ஆற்று வாயைப் பொங்குமுகம் என்பார்கள். கழிமுகம் என்ற சொல்லைச் சிலர் டெல்டாவுக்கும் சிலர் பொங்குமுகத்துக்கும் எழுதுகிறார்கள். அதனால் தேர்வில் டெல்டா என்றே எழுதிவிடுவது பாதுகாப்பு.

கடைசியாக அட்சரேகை. புதிய பாடநூலில் அட்சக்கோடு, இலங்கையில் அகலக்கோடு. கோடு கிழக்கு மேற்காக ஓடுகிறது, ஆனால் அது சொல்வது நாம் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறோம் என்பதை. கோடு போகும் திசையையும் அது அளக்கும் திசையையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே வழக்கமான தவறு. தீர்க்கரேகையில் இதற்கு நேர்மாறு.

காவிரியில் போட்டுப் பார்த்தால் விளங்கும். தலைக்காவிரி ஏறக்குறைய 12°23′ வடக்கு, 75°29′ கிழக்கு. பூம்புகார் ஏறக்குறைய 11°08′ வடக்கு, 79°51′ கிழக்கு. அட்சத்தில் வித்தியாசம் 1°15′. ஒரு பாகை அட்சம் சுமார் 111 கிலோமீட்டர் என்பதால், ஆறு தெற்கே இறங்கியது சுமார் 139 கிலோமீட்டர். தீர்க்கத்தில் வித்தியாசம் 4°22′. இதையும் 111ஆல் பெருக்கக் கூடாது. தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும். நம் பக்கத்தில் ஒரு பாகைக்குச் சுமார் 109 கிலோமீட்டர்தான், அதாவது கிழக்கே சுமார் 475 கிலோமீட்டர். நேரமும் தீர்க்கத்தை வைத்துத்தான்: ஒரு பாகைக்கு 4 நிமிடம். பூம்புகாரில் சூரியன் உச்சிக்கு வந்து 17 நிமிடம் கழித்துத்தான் தலைக்காவிரியில் உச்சிக்கு வரும். இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டுவதற்குக் காரணம், நாடு முழுவதும் 82°30′ கிழக்குத் தீர்க்கக்கோட்டின் நேரத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டிருப்பது.