வாராவாரம் அதே வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல்: குரலும் தலைப்பு வரியும்

ஃபில்டர் காபித்தூள் விற்கும் ஒரு சிறிய கடை, வெள்ளிதோறும் தன் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பெறுபவர்கள் ஏற்கெனவே அந்தத் தூளில் காபி போட்டுக் குடிப்பவர்கள். அவர்களிடம் வாராவாரம் கடையின் பெருமையைச் சொன்னால் சீக்கிரமே திறப்பதை நிறுத்திவிடுவார்கள்.

முதலில், பேசுவது யார் என்று முடிவு செய்யுங்கள். கொட்டையை வறுப்பவரே பேசுவது நல்லது. சொல்வதற்கு அவரிடம்தான் விஷயம் இருக்கும். அனுப்புநர் பெயரில் அவர் பெயரும் கடைப் பெயரும் சேர்ந்து வரட்டும். அதை அப்புறம் மாற்றாதீர்கள். பழகிய பெயரைப் பார்த்துத்தான் பலர் கடிதத்தைத் திறக்கிறார்கள்.

அடுத்து, ஒரு கடிதத்துக்கு ஒரே விஷயம். இந்த வாரம், டிகாஷன் சரியாக இறங்காத பிரச்சினை என்று எடுத்துக்கொள்வோம். "உயர்தரக் கொட்டைகளின் ஒப்பற்ற சுவை" என்று தொடங்கினால் அது விளம்பரப் பலகை. வறுப்பவர் நேரில் சொன்னால் இப்படித்தான் சொல்வார்:

"தூளை ரொம்ப அழுத்திவிட்டால் தண்ணீர் இறங்க வழியிருக்காது. சிக்கரி ஈரத்தை இழுக்கும்; மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் தூள் கட்டிதட்டிப்போகும்."

எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். கடையில் நின்று சொல்லக் கூச்சமாக இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். குரலைச் சரிபார்க்க நான் நம்பும் வழி இதுதான்.

தலைப்பு வரியைக் கடைசியில் எழுதுங்கள். கடிதம் முடிந்தால்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். மூன்று தலைப்புகளைப் பாருங்கள்:

- உங்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது!!!
- வாராந்திர மடல் 14
- டிகாஷன் இறங்க மாட்டேன் என்கிறதா?

முதலாவதை நம்பி ஒருமுறை திறப்பார்கள். உள்ளே ஆச்சரியம் இல்லையென்றால் அடுத்த வாரம் அதற்கான விலையைக் கொடுப்பது நீங்கள்தான். இரண்டாவதில் பொய்யில்லை, ஆனால் திறக்கக் காரணமும் இல்லை. மூன்றாவது உள்ளே இருப்பதையே சொல்கிறது. போனில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்படும். அதனால் முக்கியச் சொல் முன்னால் வரட்டும், நான்கைந்து சொற்களில் முடியட்டும். தள்ளுபடி உள்ள வாரத்தில் அதையும் நேராகச் சொல்லுங்கள்: "பீபெரி கால் கிலோ, 30 ரூபாய் குறைவு". ஆனால் வாராவாரம் தள்ளுபடி தந்தால், முழு விலைக்கு வாங்க யாரும் வரமாட்டார்கள்.

தலைப்பை அடுத்துத் தெரியும் முன்னோட்ட வரியைக் காலியாக விடாதீர்கள். விட்டால், "பிரவுசரில் பார்க்க இங்கே தட்டவும்" போன்ற ஏதாவது அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். "தூளை அழுத்துவதிலும் டப்பாவிலும் காரணம் இருக்கலாம்" என்று தலைப்பைத் தொடருங்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, படிக்காத கடிதத்தையும் திறந்ததாகக் காட்டக்கூடும். யார் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்று பாருங்கள். பதிலில் ஒருவர் கேட்ட கேள்வியை, அவர் கேட்ட சொற்களிலேயே அடுத்த வாரத் தலைப்பாக்கலாம்.