டேபிள் ரீடிங்கில் நடிகர்கள் சொன்னதில் எதைத் திருத்துவது, எதை விடுவது?

குறும்பட ஸ்கிரிப்டை முதல்முறை நடிகர்கள் சுற்றி உட்கார்ந்து வாசித்து முடித்ததும் எழுதியவர் கையில் ஒரு பெரிய பட்டியல் சேர்ந்துவிடும். "இந்த வசனம் வரல", "இங்க நான் அழணும்", "எனக்கு இன்னொரு காட்சி வேணும்". புதிதாக எழுதுகிறவர்கள் ஒன்று எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள், இல்லையென்றால் கோபத்தில் ஒன்றையும் மாற்றுவதில்லை. இரண்டிலும் ஸ்கிரிப்ட் கெடுகிறது.

விளக்குவதற்கு ஒரு சின்னக் கதையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அம்மாவின் சங்கிலியை முருகன் தன் பெயரில் அடகு வைத்திருந்தான். ஒரு நாள் அதை மீட்டு, வீட்டில் யாருக்கும் தெரியாமல் விற்றுவிடுகிறான். சட்டையைத் துவைக்க எடுக்கும்போது நகைக்கடை ரசீது அக்கா செல்வியின் கையில் கிடைக்கிறது. ஆறாவது காட்சியில், அடுப்படியில் வைத்து, அவள் தம்பியைக் கேட்கிறாள்.

முதல் வேலை: வாசிக்கும்போதே குறிப்பது

காட்சி விவரிப்புகளை வாசிக்க நடிக்காத ஒருவரை உட்கார வையுங்கள். நீங்கள் வாசிக்காதீர்கள். உங்கள் கண் உங்கள் பிரதியில் இருக்க வேண்டும், காது நடிகர்களிடம் இருக்க வேண்டும். பிரதியின் ஓரத்தில் மூன்று குறிகள் போதும்: வசனம் தடுக்கிய இடத்தில் ஒரு கோடு, எதிர்பாராத சிரிப்புக்கு ஒரு வட்டம், யாராவது பக்கத்தைத் திருப்பிப் பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு அம்பு. இந்த அம்புதான் இருப்பதிலேயே விலை உயர்ந்தது. கதையில் எதையோ தவறவிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது, அதனால்தான் தேடுகிறார். வாசித்து முடித்த பிறகு கேட்டால் அவருக்கே அது ஞாபகம் இருக்காது.

வாசிப்பு நடக்கும்போது எதையும் விளக்காதீர்கள். "அது எதுக்குன்னா..." என்று நீங்கள் ஆரம்பித்துவிட்டால், எழுதிய பக்கம் தானாகப் புரிந்ததா, நீங்கள் சொன்னதால் புரிந்ததா என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போய்விடும்.

இரண்டாவது: கேள்வியைச் சரியாகக் கேட்பது

"எப்படி இருந்தது?" என்று கேட்டால் கருத்துகள்தான் வரும். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரிடமும் அவருடைய பாத்திரத்தைப் பற்றிக் கேளுங்கள்: ஆறாவது காட்சியில் உள்ளே வரும்போது உங்களுக்கு என்னென்ன தெரியும்? என்ன வேண்டும் என்று வருகிறீர்கள்? அவர் தருகிற பதில் நீங்கள் மனதில் வைத்திருந்ததோடு பொருந்தினால் அந்தக் காட்சி வேலை செய்கிறது. வேறு பதில் வந்தால் திருத்தாதீர்கள், அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பரிந்துரை வந்தால் "சரி, குறிச்சுக்கறேன்" என்பது போதும். அந்த மேசையிலேயே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

மூன்றாவது: பிரிப்பது

இதை மறுநாள் செய்வது நல்லது. ஒவ்வொரு குறிப்பையும் இரண்டாக உடைக்க வேண்டும். நடிகருக்கு எங்கே இடறியது என்பது ஒன்று, அதற்கு அவர் சொன்ன மருந்து இன்னொன்று. இடறல் கிட்டத்தட்ட எப்போதும் உண்மை. மருந்து பெரும்பாலும் அவருடைய பாத்திரத்தை மட்டும் மனதில் வைத்துச் சொன்னதாக இருக்கும். அதில் தப்பில்லை, தன் பாத்திரத்தைக் கவனிப்பதுதான் அவர் வேலை. மொத்தக் கதையைப் பார்ப்பது உங்கள் வேலை.

நம் கதைக்கு வந்த நான்கு குறிப்புகளை எடுத்துக்கொள்வோம்.

செல்வியாக வாசித்தவர் இந்த வசனத்தில் தடுக்கினார்: "உன் சட்டைப் பையில இருந்து விழுந்த அந்த நகைக்கடை ரசீதைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் நீ எங்ககிட்ட சொன்னது எல்லாமே பொய்னு எனக்குப் புரிஞ்சது." இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள், அதே இடத்தில் மறுபடியும் மூச்சு அறுந்தது. முதல்முறை மட்டும் தடுக்கினால் அது பழக்கமில்லாததால் வந்தது, விட்டுவிடலாம். இரண்டாவது முறையும் தடுக்கினால் குறை வசனத்தில்தான். கோபத்தில் இருக்கிறவள் இவ்வளவு நீளமான வாக்கியத்தைக் கட்டிப் பேசமாட்டாள். அதனால் அது "சட்டையில ரசீது இருந்துச்சு. பார்த்தேன்." என்று ஆனது. மிச்சத்தை முருகனின் முகம் சொல்லிவிடும்.

முருகனாக வாசித்தவர், "இவன் ஏன் வித்தான்னு சொல்ல எனக்கு ஒரு தனிக் காட்சி வேணும், இல்லேன்னா கெட்டவனாத் தெரிவான்" என்றார். இது வழக்கமாக வரும் கோரிக்கை, உடனே தள்ளிவிடத்தான் தோன்றும். ஆனால் செல்வியாக வாசித்தவரும் "ஆறாவது காட்சியில எனக்குத் திடீர்னு கோபம் வருது" என்று தனியாகச் சொல்லியிருந்தார். அம்மாவாக வாசித்தவரோ அதே காட்சியில் பக்கத்தைப் பின்னால் திருப்பிப் பார்த்தார், ஓரத்தில் அம்பு இருக்கிறது. மூன்று பேர், மூன்று விதமான புகார், ஒரே இடம். இப்படி வந்தால் அந்தக் காட்சியைத் தொடுவதற்கு முன் அதற்கு முந்தைய காட்சிகளைப் பாருங்கள். முருகனுக்குப் பண நெருக்கடி என்பதே எங்கும் எழுதப்படவில்லை, எழுதியவர் மனதில் மட்டும்தான் இருந்தது! மூன்றாவது காட்சியில் அவன் வாசலில் நின்று போனில் பேசுகிற ஒரு வரி சேர்ந்தது: "திங்கட்கிழமைக்குள்ள குடுத்துடறேண்ணே, கடைச் சாவியை மட்டும் வாங்கிடாதீங்க." உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கும் செல்வியின் காதில் அது விழுகிறது. கேட்டும் அவள் எதுவும் கேட்காமல் விட்டாள் என்பதால், ஆறாவது காட்சியில் வரும் கோபத்தில் அவள் மேலேயே அவளுக்குள்ள கோபமும் கலந்துவிடுகிறது. இதற்காக அந்தக் காட்சியில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. முருகன் கேட்ட தனிக் காட்சியும் தேவைப்படவில்லை.

அம்மாவாக வாசித்தவர், "கடைசிக் காட்சியில நான் சும்மா உட்கார்ந்திருக்கேன், மன்னிச்சிட்டேன்னு ஒரு வரியாவது பேசணும்" என்றார். இதை விட்டுவிட வேண்டும். மேசையில் குரல் மட்டும்தான் இருக்கும். பேசாத காட்சிகள் அங்கே எப்போதும் வெறுமையாகத்தான் தெரியும். வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு மகன் தட்டில் சோறு போடும் அம்மாவைக் கேமரா பார்க்கும், மேசை பார்க்காது. விடுவதற்கு முன் ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: "அந்த நேரத்துல அம்மாவுக்கு விஷயம் தெரியுமா?" என்று கேட்டதற்கு அவர் தயங்காமல் "தெரியும், ஆனா கேட்கமாட்டா" என்றார். பக்கம் தன் வேலையைச் செய்திருக்கிறது. அவர் "தெரியாதுன்னு நினைச்சேன்" என்று சொல்லியிருந்தால் கதையே வேறு, அப்போது திருத்தியே ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரராக வாசித்தவர் நாலு நகைச்சுவை வரிகள் சேர்த்துச் சொன்னார், மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நண்பர்கள் நண்பருக்குத் தந்தது. ரசீது கிடைப்பதற்குச் சற்று முன்னால் அந்த வரிகள் வந்தால் அடுத்த காட்சியின் இறுக்கம் தளர்ந்துவிடும். வேண்டாம்.

நான்காவது: எந்த வரிசையில் திருத்துவது

பழைய டிராஃப்டை அப்படியே வைத்துவிட்டு, புதிய பிரதியில் வேலை செய்யுங்கள். முதலில் கதைத் தகவல்கள், அதாவது யாருக்கு எப்போது என்ன தெரியும் என்பது. அடுத்து காட்சி, கடைசியில்தான் வசனம். பலர் வசனத்தில் ஆரம்பித்துவிடுகிறார்கள், அது எளிதாக இருப்பதால். பிறகு ஒரு காட்சி மாறும்போது அந்த உழைப்பு முழுக்கக் குப்பைக்குப் போகிறது.

வட்டார வழக்குக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. கோவைப் பக்கத்து நடிகர் "இது எங்க பேச்சு இல்லீங்க" என்றால், பொருள் மாறாதவரை அவர் வாய்க்கு வரும்படி விட்டுவிடலாம். ஆனால் அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஒருவர் கொங்குத் தமிழும் இன்னொருவர் நெல்லைத் தமிழும் பேசினால் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள், அதனால் இருவருக்கும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

திருத்தி முடித்ததும் மறுபடி முழு ஸ்கிரிப்டையும் வாசிக்க வேண்டாம். மூன்றாவது, ஆறாவது காட்சிகளை மட்டும் செல்வியையும் முருகனையும் வைத்து வாசித்தால் போதும். சேர்த்த வரியைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். வாசித்த பிறகு பழைய கேள்வியையே முருகனிடம் கேளுங்கள். "கடை போயிடும்னு பயந்துதான் வித்தேன்" என்று அவர் தானாகச் சொன்னால் அந்தக் குறிப்பைப் பட்டியலில் அடித்துவிடலாம். தனிக் காட்சியையே அவர் இன்னமும் கேட்டால், போனில் வரும் வரி போதவில்லை என்று பொருள், மூன்றாவது காட்சிக்குத் திரும்பிப் போங்கள்.